சிட்டையும் சீசனும்

அண்ணா, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைகளுக்குச் செயலி செய்யும் சின்ன நிறுவனத்தில் ப்ராடக்ட் மேனேஜராக இருக்கிறேன். ரெஸ்யூமேயின் தலைப்பில் இப்படிப் போட்டிருக்கிறேன்: "2 ஆண்டுகளில் 14 வசதிகள் வெளியிட்டேன். டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் சிட்டைகள் இரட்டிப்பாயின." யாரும் நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. எடை போட்டதும் விவசாயிக்கு எஸ்எம்எஸ் போகும் வசதிக்காக, கடைக்காரர்கள் கேட்ட கடன் நோட்டு வசதியை 4 மாதம் தள்ளிவைத்தேன். அதில் 3 கடைகள் விலகிவிட்டன. இதையெல்லாம் எழுதலாமா?
க., ஒத்தக்கடை

அன்புள்ள தம்பி,

அதைத்தான் முதலில் எழுத வேண்டும். 14 வசதிகள் என்ற வரியைப் படிப்பவருக்கு அதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாது. கடன் நோட்டு கேட்ட கடைக்காரரிடம் இப்போது முடியாது என்று சொன்ன இடத்தில்தான் நீங்கள் தெரிகிறீர்கள்.

சரி, 'இரட்டிப்பு' விஷயத்துக்கு வருவோம். அதை எடுத்துவிடுங்கள். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து சுருங்கும், வெயில் ஏறியதும் கூடும். உங்கள் செயலி இல்லாமலே ஏப்ரலில் சிட்டைகள் கூடியிருக்கும். பூ மார்க்கெட் தெரிந்தவர் ஒருவர் எதிரே உட்கார்ந்தால் அந்த வரி நிற்காது.

எடைத் தகராறு 100 சிட்டைக்கு 6 ஆக இருந்தது 2 ஆனது என்று போனில் சொன்னீர்கள். விகிதம் என்பதால் இது பரவாயில்லை என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் டிசம்பரில் பூ விலை எகிறும்போது 50 கிராமுக்கும் சண்டை வரும்; மலிவான ஏப்ரலில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அப்புறம், விலகிய 3 கடைகளிலேயே தகராறு அதிகம் இருந்திருந்தால், அவர்கள் போனதே எண்ணிக்கையைக் குறைத்திருக்கும். அதனால்தான் வசதி வருவதற்கு முந்தைய டிசம்பரையும் அடுத்த டிசம்பரையும், இரண்டிலும் இருந்த கடைகளுக்கு மட்டும் எடுக்கச் சொன்னேன். 6 என்பது 4 ஆனது. சின்ன எண்தான். ஆனால் யார் குடைந்தாலும் உடையாது.

நான் இப்படி எழுதுவேன்:

"பூ கமிஷன் கடைகளுக்கான செயலி. எடை விடியலில், விலை பிறகு என்பதால் எடையில் தகராறு வந்தது. எடை போட்டவுடன் விவசாயிக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வசதியை முதலில் செய்ய முடிவெடுத்தேன். அதற்காகக் கடன் நோட்டை 4 மாதம் தள்ளினேன். 3 கடைகளை இழந்தோம். தொடர்ந்து இருந்த கடைகளில் எடைத் தகராறு, டிசம்பருக்கு டிசம்பர், 100 சிட்டைக்கு 6-லிருந்து 4 ஆனது."

மற்ற வசதிகளைக் கீழே வேலை அனுபவப் பகுதியில் ஒரே வரியில் சொன்னால் போதும். நேர்முகத்தில் முதல் கேள்வி அந்த 3 கடைகளைப் பற்றித்தான் வரும். கடன் நோட்டு தாமதத்தால்தான் போனார்களா, வேறு காரணமா என்று அவர்களிடமே ஒரு காலை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். காரணம் வேறு என்றால், அந்த வரியையும் மாற்ற வேண்டியிருக்கும்.