பரிசை முன்பே கொடுங்கள், பேரம் பேசாதீர்கள்

"என் மகளுக்கு நான்கு வயது. அடுத்த வாரம் முதல்முறையாகப் பல் டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். வலி எதுவும் இல்லை, சும்மா பார்க்கத்தான். ஆனால் தடுப்பூசி போட்டதிலிருந்து டாக்டர் என்றாலே அழுகிறாள். 'அழாமல் இருந்தால் பெரிய பொம்மை வாங்கித் தருகிறேன்' என்று சொல்லலாமா? வேறு என்ன பரிசு வாங்கலாம்?"

பொம்மை வாங்குங்கள், தப்பே இல்லை. அந்த "அழாமல் இருந்தால்" மட்டும் வேண்டாம். நான்கு வயதில் அழுகை குழந்தையின் கட்டுப்பாட்டில் இருக்கிற விஷயமில்லை, பயம் வந்தால் தானாக வந்துவிடும். அப்படி அழுதுவிட்டால் பயந்தது போதாதென்று, பொம்மையை இழந்ததும் சேர்ந்துகொள்ளும். இன்னொன்றும் இருக்கிறது. இந்த வயதுக் குழந்தைகள் கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர்கள். வழக்கமாகக் கிடைக்காத பெரிய பொம்மை திடீரென்று கிடைக்கிறது என்றால், அங்கே ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று சரியாகவே யோசிப்பார்கள்.

என்னிடம் வந்த ஒரு பையனுக்கும் நான்கு வயதுதான். காத்திருந்த நேரம் முழுக்க அவனுடைய அம்மா, "வாயைத் திறந்தா ரிமோட் கார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளே வந்ததும் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "எனக்குக் கார் வேண்டாம், வீட்டுக்குப் போலாம்" என்றான். அன்று நான் அவன் வாயைப் பார்க்கவே இல்லை. வலியோ வீக்கமோ இல்லாததால் அவசரமும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் வாய்க் கண்ணாடியைக் கையில் கொடுத்து, "வீட்ல உன் முயலோட பல்லை எண்ணிட்டு வந்து சொல்றியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் முயல் பொம்மையோடு வந்து, "இதுக்கு ரெண்டு பல்லுதான் டாக்டர்" என்றான். முதலில் முயலை நாற்காலியில் உட்காரவைத்து எண்ணினோம். அப்புறம் அம்மா மடியில் சாய்ந்துகொண்டு அவனே வாயைத் திறந்தான். கீழே பத்து எண்ணியதும் மூடிக்கொண்டான். கொஞ்சம் விட்டுக் கேட்டதும் மேலே பத்தையும் எண்ண விட்டான். கார் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பரிசு முன்னாலேயே கையில் இருக்க வேண்டும், விளையாடுவதற்கான சாமானாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் மகளுக்கு இப்போதே கொடுக்கக்கூடியவை சில: வாய் நன்றாகத் தெரிகிற ஒரு துணிப் பொம்மை, அதற்கென்று ஒரு தனி பிரஷ், ஒரு சின்ன டார்ச், கைக்கு அடக்கமான கண்ணாடி. கூடவே குழந்தைகள் போடும் கூலிங் கிளாஸ் ஒன்று. நாற்காலிக்கு மேலே இருக்கும் விளக்கு கண்ணைக் கூசும், அதைக் கண்டே பல குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சொந்தக் கூலிங் கிளாஸோடு வந்தால் அந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். பிளாஸ்டிக் ஊசியும் துளைக்கும் மெஷினும் இருக்கிற டாக்டர் செட் மட்டும் வேண்டாம். முதல் நாளில் தேவைப்படாத சாமான்களை நாமே அறிமுகப்படுத்தியதாகிவிடும்.

வாங்கிக் கொடுத்துவிட்டு விடாதீர்கள், சேர்ந்து விளையாடுங்கள். முதலில் அவள் டாக்டர், பொம்மைக்குப் பார்க்கட்டும். அடுத்து நீங்கள் வாயைத் திறங்கள், டார்ச் அடித்து உங்கள் பல்லை எண்ணட்டும். கடைசியாகத்தான் அவள் முறை. தலையணையில் சாய்த்துப் படுக்கவைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து பாருங்கள். நாற்காலி பின்னால் சாயும்போது கீழே விழுவதுபோல இருப்பதுதான் நிறையக் குழந்தைகளை உலுக்கிவிடுகிறது, படுத்தபடி வாயைத் திறந்து பழகியவளுக்கு அது அவ்வளவு புதிதாக இருக்காது. நான்கு வயதில் பால் பற்கள் பொதுவாக இருபதும் முளைத்திருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் போதும், சலிக்கும் முன்பே நிறுத்திவிடுங்கள். "நிறுத்து" என்பதற்கு இடது கையைத் தூக்குவது என்று ஒரு சைகையும் இந்த விளையாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவள் தூக்கினால் நீங்கள் உடனே நிறுத்த வேண்டும், அப்போதுதான் அதை நம்புவாள். டாக்டரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

விளையாட்டை இன்றே தொடங்கலாம். "டாக்டரிடம் போகிறோம்" என்ற செய்தியை மட்டும் ஒரு நாள் முன்னால் சொன்னால் போதும். ஒரு வாரம் முன்பே சொன்னால் அந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருப்பாள், வாசலில் வந்து சொன்னாலோ ஏமாற்றியதாகிவிடும். சொல்லும்போது நடக்கப்போவதை மட்டும் சொல்லுங்கள்: "நாளைக்குப் பல் டாக்டர்கிட்ட போறோம். மேலயும் கீழயும் போற நாற்காலி இருக்கும். அதுல உக்காந்து டாக்டர் உன் பல்லை எண்ணுவாங்க. நான் பக்கத்துலயே இருப்பேன்." பக்கத்தில் இருக்க விடுவார்களா, அன்றைக்குப் பரிசோதனை மட்டும்தானா என்று முதலில் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். காப்பாற்ற முடியாத வாக்கு ஒன்றுகூட வேண்டாம்.

ஆறுதலாகச் சொல்கிற "வலிக்காது, பயப்படாதே" என்பதையும் விட்டுவிடுங்கள். குழந்தையின் காதில் வலி, பயம் என்ற இரண்டு வார்த்தைகள்தான் விழும். ஆனால் தடுப்பூசி நினைவு இருக்கிறவள் நிச்சயம், "ஊசி போடுவாங்களா?" என்று கேட்பாள். மழுப்பாதீர்கள். "நாளைக்குப் பல்லை எண்ணிப் பார்க்கத்தான் போறோம். வேற எது செஞ்சாலும் முதல்ல உன்கிட்ட சொல்லச் சொல்லியிருக்கேன்" என்று சொல்லலாம். குழந்தைகளைப் பார்க்கிற பல் டாக்டர்களின் அடிப்படை முறையே அதுதான்: முதலில் சொல்வது, கருவியைக் கையிலோ பொம்மையிலோ காட்டுவது, அப்புறம்தான் செய்வது. நீங்கள் பொம்மையோடு போனால் அந்த வேலை எங்களுக்கு எளிதாகிவிடும்.

அவள் நன்றாகத் தூங்கி எழுந்திருக்கும் நேரமாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள், பெரும்பாலும் காலைதான் சரியாக வரும். பசியோடும் வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும் வேண்டாம், கண்ணாடி நாக்கில் பட்டாலே குமட்டும்.

அங்கே அழுதால் அழட்டும். அழுதுகொண்டே வாயைத் திறக்கிற குழந்தைகளை நான் தினமும் பார்க்கிறேன். அதட்டாமல், நாலு பேர் சேர்ந்து சமாதானம் சொல்லாமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் ஒருவரை மட்டும் பேசவிடுங்கள். வாயைத் திறக்கவே மறுத்தால் நாற்காலியில் உட்கார்ந்து ஏறி இறங்கியதோடு அன்றைக்கு நிறுத்திக்கொண்டு இன்னொரு நாள் வரலாம். ஆனால் இந்த நிதானம் வலி இல்லாத பல்லுக்கு மட்டும்தான். வீக்கம், காய்ச்சல், தூக்கத்தைக் கெடுக்கும் வலி என்று ஏதாவது வந்துவிட்டால் நாள் பார்க்காமல் உடனே கூட்டிப்போக வேண்டும்.

முடித்து வெளியே வந்தபின் ஒரு சின்னப் பரிசு கொடுக்கலாம், ஸ்டிக்கரோ கலர் பென்சிலோ போதும். அழுதாலும் கொடுங்கள். "சமத்தா இருந்தே" என்பதைவிட, "டாக்டர் பத்து எண்ணுற வரைக்கும் வாயைத் திறந்து வச்சிருந்தே, பார்த்தேன்" என்று சொல்லிக் கொடுத்தால், அடுத்த தடவை என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கே தெரிந்துவிடும். சொத்தை வராமல் தடுக்கும் ஃபுளோரைடு வார்னிஷைப் பல்லில் தடவியிருந்தால் கொஞ்ச நேரம் பிசுபிசுப்பாக, சில சமயம் மஞ்சளாகக்கூட இருக்கும். அதை அவளிடம் அங்கேயே சொல்லிவிடுங்கள். எத்தனை மணி நேரம் கழித்துக் கடினமானதைச் சாப்பிடலாம், எப்போது பல் தேய்க்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பெரும்பாலும் மறுநாள் காலையில் தேய்க்கச் சொல்வோம். அதனால் புது பிரஷ்ஷுக்கு அன்றிரவு பொம்மையின் பல்தான்.