கடிகாரக் கோணம், நாட்காட்டிக் கிழமை: தவறாத வழி

ஆப்டிட்யூட் பக்கம் ஒன்றில் இரண்டு கணக்கு: 3.40-க்கு முட்களுக்கு இடையே என்ன கோணம்? 1947 ஆகஸ்ட் 15 என்ன கிழமை? குழப்பமில்லாத வழி சொல்லுங்களேன்.

இரண்டு முட்களையும் 12-இலிருந்து தனித்தனியாக அளந்துவிடுங்கள். நிமிட முள் நிமிடத்துக்கு 6 பாகை நகரும். 40 நிமிடத்துக்கு 240. மணி முள் மணிக்கு 30, நிமிடத்துக்கு அரை பாகை; ஆக 90 + 20 = 110. வித்தியாசம் 130 பாகை. 150 என்று வந்தால், மணி முள்ளை 3-லேயே நிறுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். விடை 180-ஐத் தாண்டினால் 360-இலிருந்து கழியுங்கள்.

அப்புறம் கிழமை. 7-ஆல் வகுத்து மிஞ்சும் நாட்கள் மட்டும் போதும். முதல் 1900 ஆண்டுகளுக்கு மிச்சம் 1. இதை மனப்பாடம் செய்துகொள்ளலாம். அடுத்து, முடிந்த ஆண்டுகள் 46தான், 47 அல்ல. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். அந்த 46-இல் லீப் ஆண்டுகள் 11; 46 + 11 = 57, மிச்சம் 1. ஜனவரி முதல் ஜூலை வரை 212 நாள், ஆகஸ்டில் 15. மொத்தம் 227, மிச்சம் 3. கூட்டினால் 5. ஞாயிறை 0 என்று வைத்து எண்ணினால் வெள்ளிக்கிழமை.

கேட்ட ஆண்டே லீப் ஆண்டாக இருந்தால் பிப்ரவரிக்கு 29 போட வேண்டும்.