வயிற்றுச் சோதனைக்குப் போனவரின் கிளெய்ம் ஏன் நிராகரிக்கப்பட்டது?

"டிஸ்சார்ஜ் தாளில் ஒரு நோயும் கிளெய்ம் பாரத்தில் வேறொரு நோயும் இருப்பதாகச் சொல்லி, காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுக்கிறது. என்ன செய்யலாம்?"

உங்களுடையதும் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்கும் கிளெய்மாகத்தான் இருக்கும் என்று எண்ணி எழுதுகிறேன்.

சுங்கை சிப்புட்டில் செம்பனை ஆலையில் வேலை செய்யும் என் அண்ணனுக்கு மலத்தில் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. அரசாங்க கிளினிக்கில் இரத்தச் சோதனை செய்து, ஹீமோகுளோபின் குறைந்திருப்பதையும் குறிப்பிட்டு ரெஃபரல் கடிதம் கொடுத்தார்கள். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் கேமரா குழாயால் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்து, குடலில் இருந்த பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி ஒன்றையும் அகற்றினார்கள். ஆனால் டிஸ்சார்ஜ் தாளில் 'ஸ்க்ரீனிங் கொலனோஸ்கோபி' என்றும் Z12.1 என்றும் இருந்தது. டாக்டர் நிரப்பிய கிளெய்ம் பாரத்திலோ இரத்தப்போக்கு என்று இருந்தது.

நோய்களுக்கான அனைத்துலகக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10இல் Z12.1 என்பது அறிகுறி எதுவும் இல்லாதவருக்குக் குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கான குறியீடு. ஆசனவாய், மலக்குடல் இரத்தப்போக்குக்கு K62.5 என்று தனிக் குறியீடு இருக்கிறது. அண்ணனின் பாலிசியில் அறிகுறி இல்லாமல் செய்யும் சோதனைகளுக்கு விலக்கு உண்டு. அந்த ஒற்றைக் குறியீட்டைப் பிடித்துக்கொண்டுதான் மறுத்தார்கள். போதாததற்கு, பில்லில் பாலிப் அகற்றிய கட்டணம் இருக்க, டிஸ்சார்ஜ் தாளில் கொலனோஸ்கோபி மட்டுமே இருந்ததால், செய்யாத சிகிச்சைக்குப் பணம் கேட்கிறீர்களா என்றும் கேட்டார்கள். உடம்பு சரியில்லாமல் நொந்துபோயிருக்கும் மனிதரிடம் கேட்கும் கேள்வியா அது?

மருத்துவமனையின் மருத்துவப் பதிவேடு பிரிவில் அறுவைக் குறிப்பின் நகலையும், பாலிப்பின் திசுப் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்கினோம். திசு அறிக்கை பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகே வரும் என்பதால், டிஸ்சார்ஜ் தாளில் அது இடம்பெறாமல் போவது சகஜம். அண்ணனுடையது அடினோமா என்னும், புற்றுநோய் அல்லாத கட்டி என்று வந்தது. அதற்கு D12 வரிசையில் குறியீடு. கிளினிக்கின் ரெஃபரல் கடிதத்தையும் இவற்றையும் டாக்டரிடம் காட்டியபோது, அவர் பழைய தாளை அழிக்காமல், தேதியும் கையொப்பமும் இட்டு ஒரு திருத்தக் கடிதம் கொடுத்தார்.

கிளெய்முக்காக நோயை மாற்றி எழுதச் சொல்லித் தருகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். சோதனைக்கு முன்பே தேதியிட்ட கிளினிக் கடிதத்தில் அறிகுறி பதிவாகியிருந்ததால்தான் டாக்டர் திருத்தினார். அறிகுறி இல்லாமல் போனவருக்கு Z12.1 சரியான குறியீடு; அதை மாற்றக் கேட்பது பொய்க் கிளெய்ம்.

இவற்றை வைத்து நிறுவனத்திடம் முறையிட்ட பிறகு அண்ணனுக்குப் பணம் கிடைத்தது. உங்களுக்கு மீண்டும் மறுத்தால், இறுதி முடிவை எழுத்தில் கேட்டு வாங்கி, அது கிடைத்த 6 மாதங்களுக்குள் காப்புறுதிப் புகார்களை விசாரிக்கும் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மேன் சேவையிடம் புகார் கொடுங்கள். ரெஃபரல் கடிதத்தின் நகலை முதல் தாளாக வையுங்கள்.