விருது அக்காவுக்கு, பதிவு கம்பெனிக்கு: எப்படி எழுதுவது?

கேள்வி: மண்டபம் பக்கம் நண்டுச் சதை பதப்படுத்தி டப்பாவில் அடைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் அலுவலக நிர்வாகம் பார்க்கிறேன். டப்பாவில் ஓட்டுத் துண்டு வருகிற புகாரைக் குறைத்ததற்காக எங்கள் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர் அக்காவுக்கு ஒரு தொழில் அமைப்பு மாநில அளவில் பாராட்டு விருது கொடுத்திருக்கிறது. போன வருஷம் 50 லாட் அனுப்பி 10 புகார் வந்தது. இந்த வருஷம் இதுவரை 40 லாட்டுக்கு 4 புகார். கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட, "தனி ஒருவராகப் போராடி, புகாரை 60 சதவீதம் குறைத்து, இந்திய அளவில் நம்மைத் தலைநிமிர வைத்த சாதனைப் பெண்மணி!" என்று எழுதினேன். முதலாளிக்கு இதுவே போதவில்லை. அக்காவோ, "நான் மட்டுமா செஞ்சேன்? விளக்கு வாங்கித் தந்தது நீங்க, தட்டுல கொஞ்சமா பரப்பலாம்னு சொன்னது சதை எடுக்கிற பொம்பளைங்க. என் பேரைப் போடாதீங்க" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– அலுவலக மேலாளர், மண்டபம்

பதில்: அக்கா சொல்வதில் முக்கால்வாசியைக் கேளுங்கள். பெயரைப் போடாதீர்கள் என்பதை மட்டும் கேட்க வேண்டாம். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 60-ஐப் பார்த்துவிடலாம்.

10 புகார் 4 ஆனது 60 சதவீதக் குறைவுதான். ஆனால் நீங்கள் அனுப்பிய லாட்டும் குறைந்திருக்கிறதே! 50 லாட்டுக்கு 10 என்றால் ஐந்து லாட்டுக்கு ஒரு புகார். 40-க்கு 4 என்றால் பத்துக்கு ஒன்று. அதாவது பாதியாகக் குறைந்திருக்கிறது. பாதி என்பதே நல்ல செய்தி, அதை ஏன் 60 ஆக்க வேண்டும்? நம் கடற்கரையில் வரத்து ஒரே சீராக இருப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம், அது முடிந்தால் காற்றுக்காலம் என்று வருஷத்துக்குள்ளேயே ஏற்ற இறக்கம் உண்டு. அதனால் இந்தத் தொழிலில் வெறும் புகார் எண்ணிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள், லாட்டால் வகுத்துத்தான் பார்ப்பார்கள். லாட் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு டப்பாதானா என்பதையும் ஸ்டோரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சரக்கு கப்பலில் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும். சூடாக்கிப் பதப்படுத்திய டப்பா குளிரில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் என்பதால், வாங்கியவர் அதை உடனே திறக்கவும் மாட்டார். போன மாதம் போன லாட்டுக்கு இன்னும் புகார் வரவில்லை என்றால், புகார் இல்லை என்று அர்த்தமில்லை. ஆகவே கடைசி மூன்று, நான்கு மாத லாட்டுகளை விட்டுவிட்டு, இரண்டு வருஷத்திலும் அதே மாதங்களை எடுத்துக் கணக்குப் போடுங்கள். அப்போதும் பாதி வந்தால் போடுங்கள். வராவிட்டால் எண்ணே இல்லாமல் எழுதலாம், பதிவு ஒன்றும் கெட்டுவிடாது.

முதலாளியிடம் அழகு, அடக்கம் என்றெல்லாம் பேசிப் பயனில்லை. இதைச் சொல்லுங்கள்: "வாங்குகிற கம்பெனியின் தரப்பிரிவு ஆட்களும் நம் பக்கத்தைப் பார்ப்பார்கள். புகார் எழுதியவர்களே அவர்கள்தான், கணக்கு அவர்களிடமும் இருக்கிறது." அதற்கு மேல் அவர் 60 கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

"இந்திய அளவில்" என்பதும் போகட்டும். சான்றிதழில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதையே போடுங்கள்: கொடுத்த அமைப்பின் பெயர், விருதின் பெயர், ஆண்டு. பாராட்டு விருது முதல் பரிசு ஆகிவிடக் கூடாது, மாநில அளவு தேசிய அளவு ஆகிவிடக் கூடாது. விருது அக்காவின் வேலைக்குக் கிடைத்தது, உங்கள் டப்பாவுக்கு அல்ல. அடுத்த மாதமே மார்க்கெட்டிங் பையன் யாராவது "விருது பெற்ற நண்டுச் சதை" என்று லேபிள் வடிவமைத்துக்கொண்டு வருவான், இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.

இனி, யாருக்கு எந்தப் பங்கு. "எங்கள் குழுவின் கூட்டு முயற்சி" என்று ஒரு வரி போட்டால் சதை எடுக்கும் பெண்களில் ஒருவர்கூட அதில் தன்னைப் பார்க்க மாட்டார். அக்காவுக்கும் அது தன் பங்கைக் கரைத்த மாதிரி இருக்கும். அவரை உட்கார வைத்து, "நீங்க மட்டும் இல்லைன்னா வேற யாரு, என்ன செஞ்சாங்க?" என்று கேளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வேலை ஒட்டிக்கொண்டு வரட்டும். வேலை ஒட்டாத பெயர் மேலதிகாரியுடையதாக இருந்தாலும் வேண்டாம். யூவி விளக்கு வாங்கிக் கொடுத்த நிர்வாகத்துக்கு அரை வரி போதும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"நம் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர் இன்னார் அவர்களுக்கு, இன்ன அமைப்பு இந்த ஆண்டின் மாநில அளவிலான பாராட்டு விருதை வழங்கியிருக்கிறது. நண்டுச் சதையில் ஓட்டுத் துண்டு கலப்பதைக் குறைக்க அவர் செய்த வேலைக்காக இந்த விருது. எந்த மேசையில், எந்த ரகச் சதையில் ஓடு வருகிறது என்று ஷிப்டுக்கு ஷிப்ட் எழுதிவைத்துக் காரணத்தைக் கண்டுபிடித்தவர் அவர். தட்டில் சதையை மெல்லிசாகப் பரப்பினால் ஓடு கண்ணில் படும் என்ற யோசனை, சதை எடுக்கும் பிரிவில் உள்ள இன்னார், இன்னார் இருவருடையது. புதிதாக வாங்கிய யூவி விளக்கின் கீழ் ஒவ்வொரு தட்டையும் இரண்டாம் முறை பார்ப்பவர்கள் இன்னாரும் இன்னாரும். போன வருஷம் ஐந்து லாட்டுக்கு ஒன்று என்று வந்த புகார், அதே மாதங்களில் இந்த வருஷம் பத்துக்கு ஒன்றாகக் குறைந்திருக்கிறது. வாழ்த்துகள் அக்கா!"

"அவரால் குறைந்தது" என்று நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? விளக்கு, தட்டு, கணக்கு நோட்டு மூன்றும் ஒரே வருஷத்தில் வந்தவை. எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்ல உங்களிடம் வழியில்லை. அவர் செய்ததை ஒரு வரியிலும், நடந்ததை இன்னொரு வரியிலும் வைத்தால் போதும், படிப்பவர் சேர்த்துக்கொள்வார். பத்துக்கு ஒன்று இன்னும் வருகிறது என்பதும் அதே வரியில் தெரிந்துவிடுகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்குபவரின் பெயரையோ, எந்த நாடு என்பதையோ அவர்களைக் கேட்காமல் போடாதீர்கள்.

இதை முதலாளியிடம் காட்டுவதற்கு முன்பே அக்காவிடம் காட்டுங்கள். மற்ற நால்வர் பெயரும் இருப்பதைப் பார்த்தால் தன் பெயருக்கு அவர் சம்மதிப்பார் என்பது என் கணிப்பு. அப்போதும் மறுத்தால், அவர் பெயர் இல்லாமல் பதவியை மட்டும் போடலாம். அந்த நால்வரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில், தினக்கூலிக்கு வருபவர்கள் என்பதற்காகக் கேட்காமல் போட்டுவிடக் கூடாது. பெயர் வேண்டாம் என்பவருக்கு "சதை எடுக்கும் பிரிவினர்" என்பது போதும்.

படத்தை மட்டும் சதை எடுக்கும் ஹாலுக்குள் எடுக்காதீர்கள். படம் பிடிக்கிறார்கள் என்றால் பெண்கள் பூ வைத்துக்கொண்டு, வளையல் போட்டுக்கொண்டு வருவார்கள், வரட்டும். ஆனால் உள்ளே மேசை முன்னால், தலையுறை இல்லாமல், கையில் வளையலோடு நிற்கிற ஒரு படம் வந்தாலே போதும், ஓட்டுத் துண்டைக் குறைத்த கதையைப் படிக்க வந்த வாங்குபவர் சுகாதார விதிமீறலைக் குறித்துக்கொண்டு போவார். கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில் எடுங்கள். சான்றிதழ் அக்கா கையில் இருக்கட்டும், முதலாளி ஓரத்தில் நிற்கட்டும்.