வெட்டுப்பட்டவர் சொன்ன சொல்: செவிவழிச் சாட்சியம் எப்போது செல்லும்?

கேள்வி: செவிவழிச் சாட்சியம் ஏன் செல்லாது? விதிவிலக்குகளில் எதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்?

கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கிறேன். ஜூனியர்களுக்கு நான் சொல்லும் உதாரணத்தையே சொல்கிறேன்.

பாலக்கோடு பக்கம் ஒரு கொல்லையில் வரப்புத் தகராறு. பங்காளி மண்வெட்டியால் ஒருவரை வெட்டிவிடுகிறார். டீக்கடைக்காரர் கூண்டில் ஏறி, "பங்காளிதான் வெட்டினான்னு வெட்டுப்பட்டவர் சம்சாரம் என்கிட்ட சொல்லுச்சு" என்கிறார். வெளிச்சம் இருந்ததா, எவ்வளவு தூரத்தில் இருந்து பார்த்தது, முன்விரோதம் உண்டா என்று எதிர்த்தரப்பு கேட்டால் அவரிடம் பதில் இல்லை. பதில் தெரிந்த அந்த அம்மா சத்தியமும் செய்யவில்லை, குறுக்கு விசாரணைக்கும் வரவில்லை. தடைக்குக் காரணமே இதுதான். அதனால்தான் கண்டதைக் கண்டவரே சொல்ல வேண்டும் என்கிறது இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 55ஆம் பிரிவு (பழைய இந்திய சாட்சியச் சட்டத்தில் 60).

ஆனால் டீக்கடைக்காரர் ஏன் உடனே 108க்குப் போன் செய்தார் என்று காட்ட மட்டும் அதே பேச்சைச் சொன்னால் தடையில்லை. வெட்டியது யார் என்பதற்கு அது அங்கே ஆதாரம் ஆகாது. எதை நிரூபிக்கச் சொல்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்புறம் விதிவிலக்குகள். வெட்டு விழுந்த உடனே வெட்டுப்பட்டவர் "பங்காளி வெட்டிட்டான்" என்று கத்தி, களை எடுத்த பெண் அதைக் கேட்டிருந்தால், சம்பவத்தோடு ஒட்டிய பேச்சாக 4ஆம் பிரிவில் வரும். வீட்டுக்குப் போய் ஆற அமரச் சொன்னால் அந்த ஒட்டு அறுந்துவிடும். யோசித்துச் சொல்ல நேரம் கிடைத்துவிட்டதே. பங்காளியே ஊராரிடம் ஒப்புக்கொண்டால் அதுவும் சாட்சியம். போலீஸிடம் ஒப்புக்கொண்டது அவருக்கு எதிராக நிற்காது.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது, இறந்துபோனவர் தன் சாவின் காரணத்தைப் பற்றிச் சொன்ன மரண வாக்குமூலத்தில், அதாவது 26(அ) (பழைய 32(1)). சாகப்போகிறோம் என்று தெரிந்து சொல்லியிருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் பழைய சட்டம். நம் சட்டத்தில் அது தேவையில்லை. 1939இல், அப்போது நமக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் முடிவு செய்த பகாலா நாராயண சுவாமி வழக்கில், பணம் வாங்க பெர்ஹாம்பூர் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனவரின் உடல், பூரி ரயில் நிலையத்தில் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. சாவு நினைப்பே இல்லாமல் சொன்ன அந்தப் பேச்சு ஏற்கப்பட்டது. சாவில் கொண்டுபோய் விட்ட சூழ்நிலையைச் சொன்னாலே போதும்.

நம் கொல்லைக்காரர் தருமபுரி அரசு ஆஸ்பத்திரியில் மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் பிழைத்துக்கொண்டால் என்ன ஆகும்? 26(அ) போய்விடும். அவரே கூண்டில் ஏற வேண்டும். ஆஸ்பத்திரியில் சொன்னது அவர் சாட்சியத்துக்குத் துணை நிற்கவோ, அவரையே முரண்படுத்தவோ மட்டும் பயன்படும்.