மகன்ர ஸ்பீட் கமரா கடிதத்துக்கு அப்பான்ர பேரா?

"தம்பி, ரெண்டு மாசம் லண்டனில மகனோட நிண்டுட்டு இப்பதான் மாங்குளம் திரும்பினனான். மகனுக்கு மணிக்கு 50 மைல் எல்லை போட்ட ரோட்டில 61ல போனதெண்டு கடிதம் வந்திருக்கு. ஃபிளாஷ் ஒண்டும் அடிக்கேல்லையாம், பிறகு எப்பிடிப் பிடிச்சவை? லைசென்ஸில ஏற்கனவே 9 தண்டப் பொயிண்ட்ஸ் கிடக்கு, 12 ஆனா லைசென்ஸ் போகுமாம். ஒரு ஏஜென்ட், ஓடினது அப்பா எண்டு எழுதுவம், அவர் வன்னியில இருக்கிறார், ஆர் தேடப்போறான் எண்டு 600 பவுண்ஸ் கேக்கிறாராம். பேரைக் குடுக்கிறதோ?"

குடுக்காதேங்கோ ஐயா. அந்த ஏஜென்டுக்கு ஒரு சதமும் குடுக்க வேண்டாம். ஏனெண்டு பிறகு சொல்லுறன், முதல் கமராவைப் பாப்பம், அது விளங்கினாத்தான் மற்றது விளங்கும்.

நான் அங்க 11 வருசம் ரோட்டுக் கமரா பூட்டுற கொன்ராக்டர் ஒராளிட்ட வேலை செய்தனான். ஃபிளாஷ் அடிக்கிற மஞ்சள் பெட்டி வேற சாமான். அது ராடாரால அந்த இடத்து வேகத்தை அளந்து, அரைச் செக்கன் இடைவெளியில ரெண்டு படம் எடுக்கும், ரோட்டில கீறியிருக்கிற வெள்ளைக் கோடுகளை வச்சு வாகனம் அந்த நேரத்துக்குள்ள எவ்வளவு தூரம் போனதெண்டு திருப்பிப் பாப்பினம். ஃபிளாஷ் அடிக்கேல்லை எண்டபடியா மகன் மாட்டினது சராசரி வேகம் பாக்கிற கமராவிலயாத்தான் இருக்கும். அது வேகத்தை அளக்கிறதே இல்லை. நம்பர் பிளேட்டை வாசிச்சு நேரத்தை எழுதும், அவ்வளவுதான். தூரத்தில நிக்கிற அடுத்த கமராவும் அப்பிடி எழுதும், ரெண்டுக்கும் நடுவில உள்ள தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் எடுத்ததெண்டு பாத்து வேகத்தைக் கணக்குப் போடுவினம். கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில படம் எடுக்கிறபடியா ஃபிளாஷும் இல்லை.

எங்கட ஏ9ஐயே எடுங்கோ. இங்க பொலிஸ் கையில ஸ்பீட் கன்னைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு அந்த இடத்திலயே மறிச்சு தண்டப் பத்திரம் எழுதும், எதிர வாறவன் லைட் அடிச்சுக் காட்டினா எல்லாரும் அந்த ஒரு இடத்தில மட்டும் மெல்லப் போவினம். அப்பிடியில்லாம முறிகண்டிப் பிள்ளையாருக்கு அங்கால ஒண்டு இங்கால ஒண்டு, 10 கிலோமீற்றர் இடைவெளியில ரெண்டு கமரா எண்டு வையுங்கோ. ஓடினா 100ல ஓடுறியள், ஆனா நடுவில இறங்கித் தேங்காய் உடைச்சு கச்சான் வாங்க 10 நிமிசம் போகுது, ஓடின நேரம் 6 நிமிசம், மொத்தம் 16. கமராவின்ர கணக்கில நீங்கள் மணிக்கு 37.5தான். பிள்ளையார் காப்பாத்திப் போட்டார். இறங்காமப் போயிருந்தா 100 எண்டு அப்பிடியே எழுதியிருக்கும். ஆனா இதைக் கேட்டிட்டு அங்க ரோட்டோரம் நிண்டு நேரம் கழிச்சா சரிதானே எண்டு யோசிக்காதேங்கோ, அங்க கன இடத்தில ரெண்டோட நிக்கிறேல்லை, நாலைஞ்சு கமரா வரிசையா நிக்கும், எந்த ரெண்டுக்கு நடுவிலயும் கணக்குப் பாக்கலாம்.

இனி மகன்ர கணக்கு. ரெண்டு கமராவுக்கு நடுவில 2 மைல் எண்டு வச்சா, 50ல போனா 144 செக்கன் வேணும். 118 செக்கன்ல கடந்தா 61. மணிக்கூடு பிழைச்சிருக்கும் எண்டு வாதாடலாமே எண்டு கன பேர் கேக்கிறவை. ஒரு செக்கன் பிழைச்சாலும் 61 வந்தது 60.5 ஆகும், அவ்வளவுதான். அங்க பொலிஸ் வழமையா 50 ரோட்டில 57க்குக் கீழ கடிதம் போடுறேல்லை, அதுக்குள்ள வர 8 செக்கனுக்கு மேல பிழைச்சிருக்க வேணும், அது நடக்கிற காரியமில்லை. தூரத்தையும் வளைவின்ர உள்பக்கத்தால வாற ஆகக் குறைஞ்ச பாதையாத்தான் அளந்து வச்சிருப்பினம், அதால வாற லாபம் ஓட்டினவருக்குத்தான். லேன் மாறினாக் கமரா விட்டிடும் எண்டு ஒரு கதை இருக்கு, அதெல்லாம் பழைய மொடல் காலத்துக் கதை.

இப்ப ஏஜென்ட். இவையளைக் கண்டாலே எனக்குப் பத்தியெரியும், என்ர சொந்தத்துக்குள்ளயே ஒராள் இப்பிடிக் காசு குடுத்து பிறகு கோட்டுக்கும் ஏஜென்டுக்கும் நடுவில அலைஞ்சவர். உங்களை விக்கிறது ஏன் லேசெண்டா, நீங்கள் அந்த நேரம் அங்க நிண்டது உண்மை, வந்து நிக்கிற ஆள் எங்கட லைசென்ஸில 12 மாசம் வரைக்கும் அங்க ஓடலாம் எண்டதும் உண்மை. ஆனா வெளிநாட்டில இருக்கிற அப்பான்ர பேர் வந்தாலே பொலிஸ் சந்தேகப்படும், அது அவையள் ஆயிரம் தரம் பாத்த விளையாட்டு. முதல் கேக்கிறது, அந்தக் காரின்ர இன்ஷூரன்ஸில அப்பாவின்ர பேர் இருக்கோ எண்டு. இல்லையெண்டா, இன்ஷூரன்ஸ் இல்லாத ஆளிட்டக் காரைக் குடுத்தன் எண்டு மகனே கையெழுத்து வச்சுக் குடுத்த மாதிரி, அதுக்கு 6 பொயிண்ட்ஸில இருந்து தொடங்கும். 3 பொயிண்டுக்குப் பயந்து 6ஐ வாங்கிறது. பொய் எண்டு பிடிபட்டா அது வேகக் குற்றமே இல்லை, நீதியைக் குழப்பின குற்றம். கிறிஸ் ஹியூன் எண்ட முன்னாள் மந்திரியும் அவரின்ர முந்தின மனிசியும் 2003ல ஒரு ஸ்பீட் கமராப் பொயிண்ட்ஸை ஆள் மாத்தி எடுத்ததுக்கு 10 வருசம் கழிச்சு, 2013ல, ஆளுக்கு 8 மாசம் ஜெயில் வாங்கினவை. நீங்கள் நாளைக்குப் பேரப்பிள்ளையைப் பாக்க விசா ஃபோர்ம் நிரப்பேக்கயும் இதெல்லாம் கேள்வியா வரும்.

இதே ஏஜென்ட் இன்னொண்டும் சொல்லியிருப்பார், பிடிபட்டு 14 நாளுக்குப் பிறகு வந்த கடிதத்தைக் கிழிச்சுப் போடலாம் எண்டு. அது அரை உண்மை. கார் ஆரின்ர பேரில பதிஞ்சிருக்கோ அவருக்குப் போற முதல் கடிதத்துக்கு மட்டும்தான் அந்த 14 நாள். கார் லீஸிங் கொம்பனியின்ர பேரில இருந்தா முதல் கடிதம் கொம்பனிக்குப் போகும், கொம்பனி மகன்ர பேரைச் சொல்லி, அவருக்குக் கடிதம் ரெண்டு மாசம் கழிச்சு வந்தாலும் செல்லும். வாடகைக் காரும் அப்பிடி, வேலையிடத்து வானும் அப்பிடி, மச்சான்ர பேரில பதிஞ்ச காரை மகன் ஓடினாலும் அப்பிடி. வீடு மாறிப் பழைய விலாசம் பதிவில கிடந்தா, அங்க நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே காணும். முதல் கடிதமே பிந்தினது எண்டு நிச்சயமாத் தெரிஞ்சாக்கூட, ஆர் ஓட்டினது எண்ட கேள்விக்கு 28 நாளுக்குள்ள மறுமொழி எழுதத்தான் வேணும், எழுதாட்டி அதுக்கு வேற 6 பொயிண்ட்ஸ். இதை அந்தக் கடிதத்தில நேரா நாலு வரியில எழுதினா என்ன குறைஞ்சு போகும்? ரெண்டு பக்கத்துக்குச் சட்ட இங்கிலீசில எழுதி வச்சிருப்பினம், இங்கிலீசு வடிவாத் தெரிஞ்ச பிள்ளையளே விளங்காமத்தான் ஏஜென்டைத் தேடி ஓடுதுகள்.

மகன் செய்ய வேண்டியது, நான்தான் ஓட்டினன் எண்டு எழுதி அனுப்புறது. 50 ரோட்டில 61 எண்டா அங்க வழமையா பொயிண்ட்ஸுக்குப் பதிலா வேக விழிப்புணர்வுக் கோர்ஸ் குடுக்கிற அளவுக்குள்ளதான் வருது, 64 வரைக்கும் குடுப்பினம். அந்தக் கோர்ஸ் செய்தா பொயிண்ட்ஸே ஏறாது, ஏற்கனவே 9 இருக்கிறது அதுக்குத் தடையுமில்லை. குடுக்கிறதும் விடுறதும் பொலிஸின்ர முடிவு, ஆனா உண்மையை எழுதினவருக்குத்தான் அந்த வழி திறக்கும். கோர்ஸ் கிடைக்காட்டி 100 பவுண்ஸ் கட்டி 3 பொயிண்ட்ஸ் வாங்கிறதோட முடியாது, 12 ஆகிறபடியாக் கோட்டுக்குப் போகும், லைசென்ஸ் ஆகக் குறைஞ்சது 6 மாசம் போற நிலை வரும், அப்ப உண்மையான சொலிசிட்டரிட்டப் போகட்டும்.

மகனிட்ட ஒண்டைக் கேட்டுச் சொல்லுங்கோ ஐயா. முந்தி எப்பவாவது கோர்ஸ் செய்தவரோ, செய்திருந்தா எந்தத் திகதியில பிடிபட்டதுக்கு? கோர்ஸ் செய்த நாளை இல்லை, பிடிபட்ட நாளைத்தான் கேக்கிறன். அதில இருந்து இந்தத் தரம் பிடிபட்ட நாள் வரைக்கும் 3 வருசம் முடிஞ்சிருக்க வேணும்.