லோடு இல்லாமல் பக் கன்வெர்ட்டர் வோல்டேஜ் ஏறுவது ஏன்?

"12 வோல்ட் சப்ளை, 100 மைக்ரோஹென்றி காயில், 100 கிலோஹெர்ட்ஸ், ட்யூட்டி 42%. 5 வோல்ட் வரணும், மீட்டர் 9-க்கு மேல காட்டுது. லோடு இன்னும் மாட்டல."

சிக்கலே அந்தக் கடைசி வரியில்தான், நண்பரே.

உங்கள் ஒரு சுற்று 10 மைக்ரோசெகண்ட். ஸ்விட்ச் ஆன் ஆகும் 4.2 மைக்ரோசெகண்டில் காயில் மேல் 12−5 = 7 வோல்ட் நிற்கும், கரண்ட் சுமார் 0.29 ஆம்பியர் ஏறும். ஆஃப் ஆனதும் டயோடு வழியே ஓடும் கரண்ட், மீதி 5.8 மைக்ரோசெகண்டில் 5 வோல்ட்டால் அதே 0.29 இறங்கும். ஏற்றமும் இறக்கமும் சமமாகும் இடம் 5 வோல்ட்தான். `Vout = D × Vin` என்பதன் உயிரே இதுதான்.

ஆனால் காயிலில் கரண்ட் அறுபடாமல் ஓடினால்தான் இந்தக் கணக்கு. அதற்கு லோடு 0.29-இல் பாதி, சுமார் 0.15 ஆம்பியராவது இழுக்க வேண்டும். குறைந்தால் கரண்ட் பாதியிலேயே பூஜ்யமாகிவிடும். டயோடு அதைத் திரும்ப விடாது. கெபாசிட்டரில் ஏறிய சார்ஜுக்கு வெளியேற வழியில்லாமல் வோல்டேஜ் 12-ஐ நோக்கி ஏறும்.

அவுட்புட்டில் 22 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள் (சுடும், தொடாதீர்கள்). டயோடு டிராப் போக 5-க்குச் சற்றுக் கீழே நிற்கும். லோடு மாறிக்கொண்டே இருக்கும் என்றால் ஃபீட்பேக் இல்லாமல் முடியாது.